கழற்றிய ஹார்ட் டிஸ்க்கும் யூஎஸ்பி கேபிளும்: தனி மின்சாரம் எப்போது தேவை?

லேப்டாப்பிலிருந்தோ மேசைக் கணினியிலிருந்தோ கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை இன்னொரு கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் இணைத்துப் படிக்க உதவும் கேபிள், கணினிக் கடைகளில் சாட்டா டூ யூஎஸ்பி கேபிள் அல்லது கன்வெர்ட்டர் என்ற பெயரில் கிடைக்கிறது. கணினி பழுதாகி அதிலுள்ள புகைப்படங்களையும் கணக்குகளையும் மீட்க வேண்டிய வேளையில்தான் பெரும்பாலும் இதன் தேவை எழுகிறது. கடையில் பார்த்தால் இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் கேபிள் மட்டும். மற்றொன்றில் சுவர் பிளக்கில் செருகும் பவர் அடாப்டரும் சேர்ந்து வரும். இரண்டும் டிஸ்க்கில் ஒரே மாதிரிதான் பொருந்தும். ஆனால் முதல் வகையை மேசைக் கணினியின் டிஸ்க்கில் செருகினால் டிஸ்க் சுழலவே சுழலாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு செய்வது இந்த இடத்தில்தான். பெரும்பாலான நேரங்களில் கெட்டது எதுவும் இல்லை. போதிய மின்சாரம் போகவில்லை என்பதே காரணம்.

கேபிளுக்குள் நடக்கும் இரண்டு வேலைகள்

இந்தக் கேபிளின் ஒரு முனையில் தட்டையான, நீண்ட சாட்டா இணைப்பி இருக்கும். உற்றுப் பார்த்தால் அது இரண்டு துண்டுகளாகப் பிரிந்திருப்பது தெரியும். குட்டையான துண்டில் 7 தொடுமுனைகள். தகவல் இவற்றின் வழியே போகிறது. நீளமான துண்டில் 15 தொடுமுனைகள்; அவை முழுக்க மின்சாரத்துக்கானவை. அந்தப் பதினைந்தில் 3.3 வோல்ட்டுக்கு மூன்று, 5 வோல்ட்டுக்கு மூன்று, 12 வோல்ட்டுக்கு மூன்று என்று இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மீதமுள்ளவை பெரும்பாலும் கிரவுண்ட் இணைப்புகள்.

தகவல் தரப்பின் வேலையைச் செய்வது கேபிளின் தடித்த பகுதிக்குள் இருக்கும் ஒரு சிறிய சிப். பிரிட்ஜ் சிப் என்று அதைச் சொல்வார்கள். ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா ஆகிய நிறுவனங்களின் சிப்கள் இவற்றில் பரவலாகக் காணப்படுகின்றன. கணினி யூஎஸ்பி முறையில் கேட்பதை டிஸ்க்குக்குப் புரியும் சாட்டா கட்டளையாக மாற்றுவதும், டிஸ்க் தரும் பதிலை மறுபடி யூஎஸ்பி முறைக்கு மாற்றுவதும் அதன் வேலை. இந்த மாற்றம் இல்லாமல் வெறும் கம்பிகளை இணைத்து இரண்டையும் பேச வைக்க முடியாது.

மின்சாரத் தரப்பில் இப்படி எந்த மாயமும் இல்லை. யூஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட் மட்டுமே. அதை அப்படியே டிஸ்க்கின் 5 வோல்ட் முனைகளுக்குக் கடத்துவதோடு சாதாரண கேபிளின் பணி முடிந்துவிடுகிறது. 12 வோல்ட் முனைகள் அதில் காலியாகவே விடப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

லேப்டாப் டிஸ்க்கும் மேசைக் கணினி டிஸ்க்கும்

ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு அளவுகளில் புழங்குகின்றன. லேப்டாப்பில் இருப்பது இரண்டரை அங்குல வகை, உள்ளங்கையில் அடங்கும். மேசைக் கணினியில் இருப்பது மூன்றரை அங்குல வகை. தடித்து, கனமாக இருக்கும். இரண்டிலும் சாட்டா இணைப்பி ஒன்றே என்பதால் ஒன்றின் கேபிள் மற்றதில் தடையின்றிச் செருகிக்கொள்ளும். ஆனால் அவை கேட்கும் மின்சாரம் வேறு.

இரண்டரை அங்குல டிஸ்க், தன் மின்னணுப் பலகையையும் மோட்டாரையும் 5 வோல்ட்டிலேயே இயக்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் வேண்டும். 5 வோல்ட் அதன் மின்னணுப் பலகைக்கு. தட்டுகளைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் இது உடனே விளங்கும். லேப்டாப் டிஸ்க்கில் 5V என்ற ஒரே ஒரு குறிப்பும் அதற்குரிய ஆம்பியரும் இருக்கும். மேசைக் கணினி டிஸ்க்கில் 5V, 12V என்று இரண்டு குறிப்புகள் தனித்தனி ஆம்பியர் எண்களோடு இருக்கும். லேபிளில் 12V என்று கண்டால், தனி பவர் அடாப்டர் இல்லாத கேபிளால் அந்த டிஸ்க் இயங்காது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

லேபிளில் உள்ள எண்ணைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில நிறுவனங்கள் உச்ச மின்னோட்டத்தை அச்சிடுகின்றன. சில, டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் அளவை மட்டும் அச்சிடுகின்றன. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் மோட்டார்.

தொடங்கும் அந்தச் சில நொடிகள்

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டுகள் ஓயாமல் சுழல்கின்றன. லேப்டாப் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும்; அதாவது நொடிக்கு 90 சுற்று. மேசைக் கணினி டிஸ்க்குகளில் 7,200 சுற்று பரவலானது. நொடிக்கு 120 சுற்று. அசையாமல் இருக்கும் தட்டுகளைச் சில நொடிகளுக்குள் அந்த வேகத்துக்குக் கொண்டுவர மோட்டார் முழு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் சுழலும்போது அது தானே ஒரு ஜெனரேட்டராகவும் செயல்பட்டு, உள்ளே வரும் மின்னழுத்தத்துக்கு எதிரான ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட இந்த எதிர்ப்பும் கூடும். அதனால் மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் குறையும். மோட்டார் நின்றிருக்கும்போது இந்த எதிர்ப்பு சுத்தமாக இல்லை. ஆகவே தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் உச்சத்தில் நிற்கிறது. வேகம் வந்தபின் காற்றின் உராய்வையும் தாங்கியின் உராய்வையும் ஈடுசெய்தால் போதும் என்பதால் தேவை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

எண்ணில் சொன்னால், இரண்டரை அங்குல டிஸ்க் தொடங்கும்போது 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வரை எடுக்கும். ஓடத் தொடங்கியபின் அதில் பாதிகூடத் தேவைப்படாது. மூன்றரை அங்குல டிஸ்க் தொடங்கும்போது 12 வோல்ட் கம்பியில் மட்டும் 2 ஆம்பியர் வரை போகலாம். அது 24 வாட். ஓடும்போது மொத்தமாக 5 முதல் 8 வாட் வரை எடுப்பது வழக்கம். டிஸ்க் ஒரு கேபிளில் இயங்குமா இயங்காதா என்பதை முடிவு செய்வது இந்த முதல் சில நொடிகளே.

யூஎஸ்பி போர்ட் எவ்வளவு தரும்?

யூஎஸ்பி 2.0 தரநிலைப்படி ஒரு போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது அரை ஆம்பியர் தர வேண்டும். இது 2.5 வாட். 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0 இதை 900 மில்லி ஆம்பியராக, 4.5 வாட்டாக உயர்த்தியது. போர்ட்டின் உள்ளே நீல நிறப் பிளாஸ்டிக் தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த வகை. டைப் சி போர்ட்டுகளில் சில 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியரோ 3 ஆம்பியரோ தரக்கூடியவை.

இவை போர்ட் கட்டாயம் தர வேண்டிய அளவுகள். அதைத் தாண்டிய உடனே எல்லாக் கணினிகளும் மின்சாரத்தை வெட்டிவிடுவதில்லை. மேசைக் கணினிகளின் மதர்போர்டில் பெரும்பாலும் இரண்டு போர்ட்டுகளுக்குப் பொதுவாக ஒரு பாதுகாப்பு ஃபியூஸ் இருக்கும். அது தரநிலையை விடக் கூடுதலான மின்னோட்டத்தைச் சற்று நேரம் பொறுத்துக்கொள்ளும். லேப்டாப்புகளில் போர்ட்டுக்கான மின்சாரத்தைக் கண்காணிக்கும் சிப், வரம்பு தாண்டியதும் உடனே துண்டித்துவிடக்கூடும். அரை ஆம்பியர் போர்ட்டில் 1 ஆம்பியர் கேட்கும் டிஸ்க் ஒரு கணினியில் ஓடி, மற்றொன்றில் ஓடாமல் போவது இதனால்தான். ஒரு கணினியில் ஓடியது என்பதை வைத்து எல்லா இடத்திலும் ஓடும் என்று நம்பக் கூடாது.

போர்ட்டைவிடவும் குறைவாகத் தருவது, தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப். கணினியின் ஒரு போர்ட்டிலிருந்து கிடைக்கும் அரை ஆம்பியரை அது தன் போர்ட்டுகளுக்குப் பங்கிட வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் உறுதி. ஹார்ட் டிஸ்க்கை அதில் இணைப்பது வீண்.

12 வோல்ட்டை யூஎஸ்பியிலிருந்தே உண்டாக்க முடியாதா?

5 வோல்ட்டை 12 வோல்ட்டாக உயர்த்தும் சிறிய சுற்றுகள் மலிவாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கேபிளுக்குள் வைத்துவிட்டால் தனி அடாப்டர் எதற்கு என்ற கேள்வி இயல்பானது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெரியும்.

தொடங்கும் கணத்தில் மோட்டாருக்கு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வேண்டும். அது 24 வாட். மின்னணுப் பலகைக்கு 5 வோல்ட்டில் 0.6 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 3 வாட். மொத்தம் 27 வாட். மின்னழுத்தத்தை உயர்த்தினாலும் வாட் கூடிவிடாது. உள்ளே போவதை விடக் கூடுதலாக வெளியே வராது. ஆகவே இந்த 27 வாட்டையும் 5 வோல்ட் போர்ட்டிலிருந்தே எடுக்க வேண்டுமானால், இழப்பு எதுவும் இல்லை என்று கொண்டாலும் 5.4 ஆம்பியர் தேவை. யூஎஸ்பி 3.0 போர்ட் தருவது 0.9 ஆம்பியர், ஆறில் ஒரு பங்கு. 3 ஆம்பியர் தரும் டைப் சி போர்ட்டும் 15 வாட்டோடு நின்றுவிடுகிறது. டிஸ்க் ஓடத் தொடங்கியபின் எடுக்கும் 5 முதல் 8 வாட்டே யூஎஸ்பி 3.0 போர்ட்டின் அளவை மீறுகிறது. அதனால்தான் மேசைக் கணினி டிஸ்க்குக்கான கேபிள்கள் எல்லாமே சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன.

அந்த அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்ற அளவில் வருகின்றன. 12 வோல்ட் நேராக மோட்டாருக்குப் போகும்; தேவையான 5 வோல்ட்டைக் கேபிளின் தலைப் பகுதியில் உள்ள சுற்று அதிலிருந்தே குறைத்து எடுத்துக்கொள்ளும். சில பழைய தொகுப்புகளில் 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டையும் தனித்தனிக் கம்பிகளில் தரும் அடாப்டர் இருக்கும். பல தட்டுகள் கொண்ட, அதிகக் கொள்ளளவுள்ள டிஸ்க்குகளுக்கு 2 ஆம்பியர் விளிம்பு நிலைதான். 3 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் நல்லது. பல ஆண்டுகள் புழங்கிய அடாப்டரில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் தளர்ந்துபோனால், டிஸ்க் சுழலத் தொடங்கிப் பாதியில் நின்று, மறுபடி தொடங்கி மறுபடி நிற்கும்.

லேப்டாப் டிஸ்க்: விளிம்பில் நிற்கும் கணக்கு

மேசைக் கணினி டிஸ்க்கில் குழப்பமே இல்லை. தனி மின்சாரம் இல்லாமல் அது ஓடாது. குழப்பம் இரண்டரை அங்குல டிஸ்க்கில்தான், ஏனென்றால் அது ஓடவும் ஓடும், சில நேரம் ஓடாமலும் போகும். ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்க்கலாம்.

பழுதான லேப்டாப்பிலிருந்து கழற்றிய 5,400 சுற்று டிஸ்க் ஒன்று. தொடங்கும்போது அது 1 ஆம்பியர் எடுக்கிறது. அதை ஒரு குட்டையான சாட்டா கேபிளில் செருகி, கேபிள் எட்டாததால் 1 மீட்டர் நீளமுள்ள எக்ஸ்டென்ஷன் கேபிள் வழியாக, மேசைக் கணினியின் முன்பக்க யூஎஸ்பி 2.0 போர்ட்டில் இணைக்கிறார்கள். டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று ஒலி வருகிறது. திரையில் எதுவும் தோன்றவில்லை.

மலிவான யூஎஸ்பி கேபிள்களில் 28 கேஜ் அளவுள்ள மெல்லிய செம்புக் கம்பி இருப்பது வழக்கம். அதன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்சாரம் ஒரு கம்பியில் போய் மற்றொரு கம்பியில் திரும்ப வேண்டும் என்பதால் 1 மீட்டர் கேபிளில் மொத்தம் 0.43 ஓம் ஆகிறது. 1 ஆம்பியர் பாயும்போது கேபிளிலேயே 0.43 வோல்ட் இழந்துவிடுகிறது. போர்ட்டில் சரியாக 5 வோல்ட் இருந்தாலும் கேபிளின் மறுமுனையில் 4.57 வோல்ட்தான் மிஞ்சும். ஹார்ட் டிஸ்க்குகள் வழக்கமாக 5 வோல்ட்டில் 5 சதவீத ஏற்ற இறக்கத்தைத் தாங்கும், அதாவது 4.75 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. இங்கே அந்த எல்லை மீறப்பட்டுவிட்டது. முன்பக்க போர்ட்டுக்கு மதர்போர்டிலிருந்து பெட்டிக்குள்ளேயே இன்னொரு நீளக் கம்பி வருகிறது; அதில் ஏற்படும் இழப்பு வேறு.

மின்னழுத்தம் விழுந்ததும் டிஸ்க்கின் மின்னணுப் பலகை வேலையை நிறுத்தித் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்கிறது. மோட்டார் நிற்கிறது, சுமை இறங்கியதால் மின்னழுத்தம் மறுபடி 5 வோல்ட்டுக்கு ஏறுகிறது. பலகை உயிர்பெற்று மோட்டாரை மீண்டும் இழுக்க, மின்னழுத்தம் மீண்டும் விழுகிறது. டிக், டிக் என்று கேட்கும் ஒலி இந்தச் சுழற்சியின் ஒலி.

எக்ஸ்டென்ஷன் கேபிளை எடுத்துவிட்டு, 30 சென்டிமீட்டர் நீளமுள்ள சாட்டா கேபிளை மட்டும் கணினியின் பின்பக்க நீல நிற போர்ட்டில் நேராகச் செருகினால் கணக்கு மாறுகிறது. கேபிளில் இழப்பு 0.13 வோல்ட்; டிஸ்க்குக்கு 4.87 வோல்ட் கிடைக்கிறது. போர்ட்டின் வரம்பும் 0.9 ஆம்பியராக உயர்ந்திருக்கிறது. டிஸ்க் ஒரே சீராகச் சுழன்று, சில நொடிகளில் திரையில் தோன்றுகிறது. டிஸ்க் மாறவில்லை, அதற்குப் போன மின்சாரம் மட்டும் மாறியது.

பற்றாக்குறையின் அறிகுறிகள்

மின்சாரம் போதவில்லை என்பதை நான்கு வகையில் கண்டுகொள்ளலாம். மேசைக் கணினி டிஸ்க்குக்கு 12 வோல்ட் போகாவிட்டால் ஒலியே இருக்காது. கேபிளில் விளக்கு எரியும், கணினியின் யூஎஸ்பி பட்டியலில் அடாப்டரின் பெயர்கூடத் தெரியலாம், ஆனால் டிஸ்க் தெரியாது. பிரிட்ஜ் சிப்புக்கு 5 வோல்ட் போதும் என்பதால் அது மட்டும் விழித்திருக்கிறது. லேப்டாப் டிஸ்க்கில் 5 வோல்ட் குறைந்தால் மேலே சொன்ன டிக் ஒலியோ, சுழன்று நிற்கும் ஒலியோ கேட்கும். மூன்றாவது வகையில் டிஸ்க் தோன்றி மறையும். நான்காவது வகையே மிகவும் ஏமாற்றக்கூடியது: எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றி, பெரிய கோப்பைப் பிரதி எடுக்கும்போது பாதியில் இணைப்பு அறுந்துபோகும். அந்த வேளையில் படிமுனை வேகமாக அங்குமிங்கும் நகர்வதால் மின்னோட்டம் கூடுகிறது.

விண்டோஸில் சில நேரம் `Power surge on the USB port` என்ற அறிவிப்பு வரும். லினக்ஸில் `dmesg` கட்டளை தரும் பதிவில் `over-current condition` என்றோ, திரும்பத் திரும்ப `USB disconnect` என்றோ வரிகள் இருந்தால் மின்சாரத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டிஸ்க்கின் உள்ளே பதிவாகும் ஸ்மார்ட் எண்ணிக்கைகளிலும் சாட்சி கிடைக்கும். மின்சாரம் திடீரென்று அறுந்துபோனால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டுகளின் வேகத்திலிருந்தே சிறிது மின்சாரம் எடுத்துப் படிமுனையை அவசரமாகப் பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு டிஸ்க்கில் இருக்கிறது. பல டிஸ்க்குகள் இதை எத்தனை முறை செய்தன என்று கணக்கு வைக்கின்றன. லினக்ஸில் அதைப் படிக்க:

```
sudo smartctl -d sat -A /dev/sdb
```

இதில் `/dev/sdb` என்பதற்குப் பதில் அந்த டிஸ்க்குக்குக் கணினி தந்த பெயரை இட வேண்டும். பட்டியலில் 192 என்ற எண்ணுக்கு எதிரே `Power-Off_Retract_Count` என்ற வரி இருக்கும். கணினியில் முறையாக அணைக்கப்பட்டு வந்த டிஸ்க்கில், கேபிளில் இணைத்த பிறகு ஒவ்வொரு முயற்சிக்கும் இந்த எண் ஏறிக்கொண்டே போனால், மின்சாரம் இடையிடையே அறுகிறது என்று பொருள். அவசரமாக இழுக்கப்படுவது படிமுனைக்கு வழக்கமான ஓய்வைவிடக் கடினமானது. ஆகவே டிக் ஒலி கேட்டபின் அதே கேபிளில் மீண்டும் மீண்டும் முயல்வது டிஸ்க்குக்குக் கேடு.

கெட்டுப்போன படிமுனையும் டிக் ஒலிதான் எழுப்பும். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, போதுமான மின்சாரம் நிச்சயமாகக் கிடைக்கும் இணைப்பில் ஒரு முறை பார்ப்பது: தனி அடாப்டர் உள்ள கேபிள், அல்லது மேசைக் கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளையும் சாட்டா போர்ட்டும். அங்கேயும் அதே ஒலி வந்தால் கோளாறு டிஸ்க்கில் இருக்கிறது. உடனே அணைத்துவிட்டு, தகவல் முக்கியமானதென்றால் மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே சரி.

பற்றாக்குறையைத் தீர்க்கும் வழிகள்

இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு முதல் வழி, குட்டையான கேபிளைக் கணினியின் பின்பக்க யூஎஸ்பி 3.0 போர்ட்டில் நேராகச் செருகுவது. அது போதாவிட்டால் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் உதவும். பழைய தொகுப்புகளில் ஒய் வடிவக் கேபிள் வருவதுண்டு. அதில் ஒரு முனையில் இரண்டு யூஎஸ்பி பிளக்குகள். ஒன்று தகவலும் மின்சாரமும் எடுக்கும், மற்றொன்று மின்சாரம் மட்டும் எடுக்கும். இரண்டு யூஎஸ்பி 2.0 போர்ட்டுகளிலிருந்து 1 ஆம்பியர் சேர்கிறது. நடைமுறையில் இது பலருக்குக் கைகொடுத்தாலும் யூஎஸ்பி தரநிலை இத்தகைய கேபிளை ஏற்பதில்லை. அதைப் பயன்படுத்துவதானால் மின்சாரப் பிளக்கை முதலில் செருகி, தகவல் பிளக்கை அடுத்துச் செருகுவது நல்லது. டிஸ்க் தொடங்கும்போது இரண்டு போர்ட்டுகளும் தயாராக இருக்கும்.

எந்த அளவு டிஸ்க் கைக்கு வரும் என்று தெரியாதவர்களுக்கு 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கேபிளே ஏற்றது. இரண்டரை அங்குல டிஸ்க் 12 வோல்ட் முனைகளைப் பயன்படுத்துவதே இல்லை என்பதால் அதை இந்தக் கேபிளில் இணைத்தால் ஆபத்து இல்லை.

சாட்டா இணைப்பியுள்ள எஸ்எஸ்டியில் மோட்டார் இல்லை. தொடக்கத்தில் எகிறும் மின்னோட்டமும் இல்லை. எழுதும்போது மட்டும் தேவை கூடும். யூஎஸ்பி 3.0 போர்ட்டில் அது பெரும்பாலும் சிக்கலின்றி ஓடும். லேப்டாப்பிலிருந்து கழற்றியது பட்டையான எம்.2 வகையாக இருந்தால் இந்தக் கேபிள் பொருந்தாது; அதற்கென்று தனி உறை வாங்க வேண்டும், அதிலும் சாட்டா வகைக்கு ஒன்று, என்விஎம்இ வகைக்கு வேறொன்று என்று பார்த்து வாங்க வேண்டும்.

சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ டிஸ்க்குகளிலும் இதே பிரிவு உண்டு. லேப்டாப் வகையில் 44 ஊசிகள். 5 வோல்ட் மின்சாரமும் அவற்றின் வழியே வந்துவிடும். மேசைக் கணினி வகையில் தகவலுக்கு 40 ஊசிகள், மின்சாரத்துக்கு நான்கு துளைகளுள்ள மோலெக்ஸ் இணைப்பி தனியாக. அந்த இணைப்பியில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் உள்ள இரண்டு கறுப்புக் கம்பிகள் கிரவுண்ட். மூன்று வகைக்கும் பொதுவான அடாப்டர்கள் பவர் அடாப்டரோடு கிடைக்கின்றன. ஐடிஇ டிஸ்க் சுழன்றும் திரையில் வராவிட்டால், அதன் பின்புறத்தில் உள்ள சிறிய ஜம்பரை லேபிளில் காட்டியபடி மாஸ்டர் நிலைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

அடாப்டரை மாற்றிச் செருகும் ஆபத்து

12 வோல்ட் அடாப்டரின் உருளைப் பிளக் பல சாதனங்களுக்குப் பொதுவான அளவில் இருப்பதால், வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டர்களும் அதே துளையில் நுழைந்துவிடும். லேப்டாப் சார்ஜர்கள் பலவும் 19 வோல்ட் தருபவை. அது டிஸ்க்குக்குப் போனால் மின்னணுப் பலகை சேதமாகும். பல டிஸ்க்குகளின் பலகையில் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு டையோடு வைக்கப்பட்டிருக்கிறது; அளவுமீறிய மின்னழுத்தம் வந்தால் அது தன்னையே குறுக்குச் சுற்றாக்கிக்கொண்டு மற்ற பாகங்களைக் காக்கும். அதன்பின் டிஸ்க் சுழலாது. தட்டுகளில் உள்ள தகவல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பலகையைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரால் மீட்க முடியும். பிளக்கைச் செருகுமுன் அடாப்டரின் லேபிளில் மூன்றைப் பார்க்க வேண்டும்: மின்னழுத்தம் சரியாக 12 வோல்ட், மின்னோட்டம் 2 ஆம்பியர் அல்லது அதற்கு மேல், பிளக்கின் நடுமுனை பாசிட்டிவ். ஆம்பியர் எண் கூடுதலாக இருப்பதால் கேடில்லை. டிஸ்க் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இணைக்கும் வரிசை

டிஸ்க்கை அசையாத, உலோகம் அல்லாத பரப்பில் வைக்க வேண்டும். அடியில் உள்ள திறந்த மின்னணுப் பலகை உலோகத்தில் பட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். முதலில் கேபிளின் சாட்டா முனையை டிஸ்க்கில் நேராக அழுத்திச் செருக வேண்டும். அடுத்து பவர் அடாப்டரை இணைத்து ஸ்விட்ச் போட வேண்டும். மேசைக் கணினி டிஸ்க் முழு வேகத்துக்கு வர ஏறத்தாழ பத்து நொடி ஆகும். ஒலி சீரான பிறகு யூஎஸ்பி பிளக்கைக் கணினியில் செருக வேண்டும். கழற்றும்போது வரிசை தலைகீழாகும்: திரையில் டிஸ்க்கை வெளியேற்றும் கட்டளை கொடுத்து, யூஎஸ்பி பிளக்கை எடுத்து, அடாப்டரை அணைத்து, சுழலும் ஒலி முழுதும் அடங்கும் வரை பொறுத்திருந்து, அதன்பின் டிஸ்க்கைத் தூக்க வேண்டும். சுழலும் டிஸ்க்கை நகர்த்தினால் படிமுனை தட்டில் உரசக்கூடும்.

மின்சாரம் சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால்

டிஸ்க் சீராகச் சுழன்று, கணினியும் அதை அடையாளம் கண்டு, ஆனால் கோப்புகள் திறக்கவில்லை என்றால் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய பிரிட்ஜ் சிப்கள் சில 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட கொள்ளளவைக் கையாளத் தெரியாதவை. 3 டெராபைட் டிஸ்க் அவற்றில் 746 ஜிபி என்று தோன்றும். வேறு சில அடாப்டர்கள் டிஸ்க்கின் செக்டார் அளவை மாற்றிக் கணினிக்குக் காட்டுகின்றன. அப்படி ஓர் உறையில் எழுதப்பட்ட டிஸ்க்கை வேறு கேபிளில் இணைத்தால் வெற்று டிஸ்க்போலத் தெரியும். இந்த இரண்டு நிலையிலும் தகவல் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் விண்டோஸ் அப்போது `Initialize Disk` என்றோ, ஃபார்மேட் செய்யட்டுமா என்றோ கேட்கும். அதற்குச் சம்மதித்தால் இருக்கும் அமைப்பின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். அந்தப் பெட்டியை ரத்துசெய்து மூடிவிட்டு, வேறு அடாப்டரிலோ கணினியின் உள் சாட்டா போர்ட்டிலோ டிஸ்க்கை இணைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயத்தமாக விற்கும் வெளிப்புற டிஸ்க்குகளை உடைத்து எடுப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சிறிய அளவு டிஸ்க்குகள் சிலவற்றில் யூஎஸ்பி இணைப்பி பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; சாட்டா முனையே இருக்காது. வேறு சிலவற்றில் உறையில் உள்ள பிரிட்ஜ் சிப் தகவலை மறையாக்கம் செய்தே எழுதுவதால், டிஸ்க்கைத் தனியே எடுத்து இன்னொரு கேபிளில் இணைத்தால் படிக்க முடியாது. அத்தகைய டிஸ்க்கை அதன் சொந்த உறையோடும், 12 வோல்ட் வகையானால் அதற்குரிய அடாப்டரோடும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.